ஞாயிறு ஆறு மணிக்கு மூன்று வரி

மார்ச் 3, ஞாயிறு

இன்று அக்காவிடம் சொல்லாதது: அந்த மூன்று வரிகளில் இரண்டை நானே இட்டுக்கட்டினேன்.

ஆறு மணிக்கு அவள் போன் மெல்ல ஒலித்தது. "ஏய் குட்டி, விருது வந்துடுச்சு" என்று எப்போதும்போல் சிரித்துக்கொண்டே எடுத்தாள். படித்தாள். சிரிப்பு பாதியில் நின்ற மாதிரி இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அடுப்படியில் கரண்டியும் கையுமாக, பரிசு கொடுத்தவளைப்போல் இளித்துக்கொண்டு நின்றேன்.

"ம். நல்லாருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வெள்ளைக் கோட்டைத் தேய்க்கப் போய்விட்டாள்.

அவள் வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டு அது. ஆஸ்பத்திரி மருந்தகத்துக் கோட்டு. போன வருடக் கடைசியில் அவள் கையால் ஒரு தவறு நடந்தது. அரை மில்லிகிராம் மாத்திரை போகவேண்டிய இடத்தில் ஐந்து மில்லிகிராம் போய்விட்டது. இரண்டு பெட்டிகளும் ஒரே நிறம், ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில். வார்டு நர்ஸ் பிரித்துப் பார்த்துவிட்டு, நோயாளிக்குக் கொடுக்கும் முன்பே திருப்பி அனுப்பிவிட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அக்காவுக்குத்தான் ஆனது. ஒவ்வொரு பெட்டியையும் மூன்று முறை, நான்கு முறை பார்க்கத் தொடங்கினாள். கவுண்ட்டருக்கு முன்னால் வரிசை வாசல்வரை போனது. ஆறு வாரம் விடுப்பு. ஜனவரி கடைசியில் திரும்பவும் வேலைக்குப் போனாள். திங்கள் முதல் சனி மதியம்வரை எப்படியோ ஓடிவிடும். ஞாயிறு சாயங்காலம் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அதற்காக நான் கண்டுபிடித்ததுதான் இந்த நினைவூட்டல். அவள் போனிலும் என் போனிலும் பொதுவாக ஒரு பட்டியல். ஞாயிறுதோறும் ஆறு மணிக்குத் தானாக ஒலிக்கும். தலைப்பு மாறாது: 'போன வாரத்திலிருந்து மூன்று.' கீழே உள்ள வரிகளை நான் ஆறு மணிக்குள் என் போனிலிருந்து மாற்றிவிட வேண்டும். பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. ஆனாலும் சரியாக வர மூன்று வாரம் பிடித்தது.

முதல் வாரம் ஒன்பது மணிக்கு வைத்தேன். அதற்குள் பயம் வந்து காலை நீட்டிப் படுத்துவிட்டிருந்தது. கோட்டைத் தேய்ப்பதற்கு முன்னால் வரவேண்டும். அதனால் ஆறு. அவளையே எழுதச் சொன்னேன். 'அழவில்லை' என்று எழுதினாள். அது வெற்றி இல்லை, காயத்தின் அளவு. செய்தது மட்டும்தான் எழுதவேண்டும், செய்யாமல் விட்டது கூடாது. அவள் செய்தது வேண்டும், அவளுக்கு நடந்தது கூடாது. யாரோ பாராட்டினார்கள் என்பதுகூட வேண்டாம். அடுத்த வாரம் பாராட்டாவிட்டால்? கிழமை இருக்கவேண்டும், பொருள் இருக்கவேண்டும். 'செவ்வாய்: குழந்தை மருந்தை இரண்டு முறை மட்டும் சரிபார்த்து மூடினாய்.' போனைத் திறக்காமலே கண்ணில் படும் நீளம்தான். மூன்றாவது வரிக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது. 'ஆனால்' கிடையாது. ஆச்சரியக்குறி கிடையாது. 'இப்படியே தொடர்க' கிடையவே கிடையாது. நாளைக்கு என்ன செய்யவேண்டும் என்ற பேச்சே இல்லை. பதில் அனுப்பத் தேவையில்லை. ஒன்று மட்டும் எழுதினால் இரக்கப்பட்ட மாதிரி இருக்கும். ஐந்து எழுதினால் அலுவலக அறிக்கை. மூன்றுதான் சரி.

முக்கியமானது, அன்றன்றே குறித்துவைக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் பேசுவாள், நான் ஒரு சொல்லைப் போனில் தட்டிவைப்பேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து யோசித்தால் கெட்டது மட்டும்தான் ஞாபகம் வரும். அவளுக்கு மட்டுமில்லை, எனக்கும்.

இந்த வாரம் நான் குறிக்கவில்லை. ஒரு தடித்த நாவலில் மூழ்கிக் கிடந்தேன். சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பக்கத்தில் அதைத் திறந்து வைத்து, முனையில் உப்பு டப்பாவைப் பாரம் வைத்து... அவள் பேசினாள். தினமும் பேசினாள். நான் "ம்" கொட்டினேன். இன்று ஐந்தரைக்குப் போனைத் திறந்தால் ஒரே ஒரு சொல்: 'குடை.' புதன்கிழமை யாருக்கோ குடை கொடுத்திருக்கிறாள். அது மூன்றாவது வரியானது.

மீதி இரண்டு? 'திங்கள்: வரிசை நீண்டபோதும் நிதானமாக இருந்தாய்.' 'வியாழன்: மதிய உணவு வேளையில் கவுண்ட்டரைத் தனியாகப் பார்த்துக்கொண்டாய்.'

நடந்திருக்கக்கூடியவைதானே? எந்த வாரத்திலும் நடப்பவைதானே? யாரைக் கேட்கிறேன்.

மார்ச் 4, திங்கள்

ஏழு மணிக்குக் கிளம்பிவிட்டாள். கோட்டு மடித்துப் பையில். "வரேன் குட்டி." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பார், ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 7, வியாழன்

நாவலை உள்ளறையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். பிராயச்சித்தம்.

அக்கா நிறையச் சொல்கிறாள். இல்லை, நிறைய என்று சொல்லமுடியாது, தெளிவாகச் சொல்கிறாள். "செவ்வாக்கிழமை ஒரு பாட்டிக்கு ஆறு மருந்து. எல்லாத்தையும் ஒரே தடவ பாத்து முடிச்சிட்டேன்." "இன்னிக்கு லஞ்ச் டயத்துல நான்தான் கவுண்ட்டர்." எழுதிக்கொள்வதற்காகவே செய்த மாதிரி இருந்தது. இரண்டும் அப்படியே ஒரு வரிக்குள் அடங்கும். குறித்துக்கொண்டேன்.

நான் இட்டுக்கட்டியது வாரம் திரும்புவதற்குள் உண்மையாகிவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன். அதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

மார்ச் 9, சனி

துணி துவைத்தேன். அக்காவின் கோட்டு மூன்றும் தொட்டியில். மருந்தகத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் தேதி முத்திரை குத்தவேண்டும். மைப்பெட்டியில் உரசி வலதுகை விளிம்பில் எப்போதும் நீலக்கறை இருக்கும். சோப்பை வைத்துத் தேய்த்து என் விரல் தோல் உரியும். இந்த வாரம் மூன்றிலும் கறை இல்லை.

கவனமாக வேலை செய்கிறாள் போலிருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு

மூன்று வரி, மூன்றும் அவளே சொன்னவை. ஐந்து மணிக்கே மாற்றி வைத்துவிட்டேன். ஆறுக்கு ஒலித்தது. "மகாராணிக்கு மூணு விருது" என்றாள். படித்துக்கூடப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

சூப் வைத்தேன். நன்றாக இருப்பதாகச் சொன்னாள். அரைக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டாள்.

மார்ச் 13, புதன்

அவள் சொல்லும் கதைகளுக்கு வால் இல்லை.

முன்னெல்லாம் ஒரு மருந்துச் சீட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் அதற்குப் பின்னால் நின்ற ஆளின் இருமல் வரும், அந்த ஆளின் மருமகள் வருவாள், மருமகளின் செருப்பு வரும். பக்கத்துக் கவுண்ட்டர்த் தோழி (பஞ்சு மாதிரி முடி, அதனால் இவள் வைத்த பெயரே பஞ்சு) அடித்த கமெண்ட் வரும். நான்தான் "சரி, விஷயத்துக்கு வா" என்று விரட்டுவேன். இப்போது விஷயம் மட்டும் வருகிறது. கிழமை, பொருள், வினை. என் விதிமுறைப்படி.

என் வேலை, காது கேட்கும் திறனை அளப்பது. ஒலிபுகாத அறையில் ஆளை உட்காரவைத்து, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வோம். சிலர் கேட்காமலே அழுத்துவார்கள். ஒலி வரவேண்டிய நேரம் இது என்று ஒரு தாளத்தில் ஊகித்து அழுத்துவார்கள். ஏமாற்றுவதற்காக இல்லை. நமக்கு ஏமாற்றம் தரக்கூடாது என்பதற்காக. அவர்களைக் கண்டுபிடிக்க ஒலியே அனுப்பாமல் சும்மா இருக்கவேண்டும்.

இன்று சாப்பிடும்போது நான் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா இருந்தேன்.

கொஞ்சநேரம் கழித்து, "இன்னிக்கும் லஞ்ச் டயத்துல நான்தான் பாத்துக்கிட்டேன்" என்றாள்.

மார்ச் 16, சனி

கோட்டில் கறை இல்லை. மடிப்புக்கூடக் கலையவில்லை. போன ஞாயிறு அவள் தேய்த்த கோடு கைப்பகுதியில் அப்படியே நிற்கிறது.

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டால், என்ன சந்தேகம் என்று அவள் கேட்பாள். 'நீ பொய் சொல்றியா' என்று எந்த வாயால் கேட்பது? இந்த வீட்டில் அதை ஆரம்பித்து வைத்தவள் நான்.

மார்ச் 17, ஞாயிறு

மூன்று வரிகளையும் போட்டேன். நம்பாமலேதான் போட்டேன். இந்த முறை இட்டுக்கட்டியவள் நான் இல்லை என்று ஒரு சமாதானம் வேறு. சீ.

மார்ச் 18, திங்கள்

மதியம் பஞ்சு போன் செய்தாள். ஒரு தடவை வீட்டுக்கு வந்தபோது என் நம்பரை வாங்கியிருந்தாள்.

"ஏம்மா, உங்கக்காவுக்கு ஜுரம் எப்படி இருக்கு? போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்குறா."

எதிரே ஒலிபுகா அறைக்குள் ஒரு கிழவர் காதில் கருவியோடு உட்கார்ந்து, அடுத்த ஒலிக்காகக் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன்.

"நாலாம் தேதிலேர்ந்து வரலையே. உனக்குத் தெரியாததா? இங்க பாரு, நான் சொன்னேன்னு சொல்லாத. பெரியவர் கோவத்துல இருக்கார். பாவம்னு சொல்லித்தான் அவ கேட்டபடி ஸ்டோருக்கு மாத்தினார். மாத்தினதும் ஆளையே காணோம்னா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்த பேசலைன்னா அந்த எடத்துக்கு வேற ஆள எடுத்துடுவாங்க."

பெரியவர் என்பது தலைமை மருந்தாளர். 'அவ கேட்டபடி' என்பதுதான் புரியவில்லை.

"கேட்டபடின்னா? அவ எப்ப கேட்டா?"

"அதுக்கு முன்னாடி வியாழக்கிழமை. கவுண்ட்டர்ல நிக்க முடியல, கொஞ்ச நாளைக்கு என்னை உள்ள ஸ்டோருக்கு மாத்திவிடுங்கன்னு அவளே போய்க் கேட்டா. நான் கைய தட்டாத குறை. ஒரு மாசமா சொல்லிக்கிட்டு இருந்தேன், இப்பத்தான் வாயத் தொறந்தா. உங்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா" என்றேன். "ஜுரம் குறைஞ்சிருக்கு. பேசச் சொல்றேன்."

சொன்னாள். இப்போது ஞாபகம் வருகிறது. எதிரில் உட்கார்ந்து சொன்னாள். நாவலில் ஒருத்தி வீட்டைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே "ம், நல்லது" என்றேன். அந்த வாரத்தின் உண்மையான வெற்றி அதுதான். கிழமை, பொருள், வினை எல்லாம் சரியாக அமைந்த வரி. தட்டைத் தாண்டி மேஜைமேல் வைத்தாள், நான் எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக அதே வியாழக்கிழமையின் பெயரில், அவளால் முடியாது என்று அவள் ஒப்புக்கொண்ட அந்த ஒன்றையே எழுதி, மெல்லிய மணியோசையோடு அனுப்பினேன்.

கவுண்ட்டரைத் தனியாகப் பார்த்துக்கொண்டாய்.

மார்ச் 19, செவ்வாய்

பேசிவிட்டோம். முடிந்தவரை அவள் சொன்னபடியே எழுதிவைக்கிறேன். இதிலாவது.

சாப்பாட்டுக்கு முன்பே ஆரம்பித்தேன். "அக்கா, அந்த வியாழக்கிழமை வரிய நான் இட்டுக்கட்டினேன். திங்கக்கிழமையும்தான். நீ சொன்னத நான் கேக்கல. புஸ்தகம் படிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவள் முட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"எனக்கு நடந்ததா இல்லையான்னு எனக்குத் தெரியாதா, லூசு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சிரித்தாள்.

"மொதல்ல கிண்டல் பண்றேன்னு நெனச்சேன். ஸ்டோருக்குப் போறேன்னு சொன்னதுக்குக் குத்திக் காட்டுறியோன்னு. அப்புறம் நிமுந்து பாத்தா, நீ கரண்டிய வெச்சிக்கிட்டு அப்படியே பூரிச்சுப்போய் நிக்கிற. சரி, இவளுக்கு இதுதான் வேணும் போல. ஸ்டோர்ல பெட்டி எண்ணுற அக்கா இல்ல. கவுண்ட்டர்ல நிக்கிற அக்கா."

"அப்படியெல்லாம் இல்லக்கா..."

"எனக்கும் அதான் வேணும், குட்டி. அதான் கஷ்டமே. மறுநா காலைல பஸ்ஸுல போறேன். அந்த வரி கண்ணுலயே நிக்குது. ஆஸ்பத்திரி ஸ்டாப்ல எறங்கல."

"தெனமும் எங்க போன?"

"சோபாக் கடைக்கு."

கடைசி ஸ்டாப்புக்கு எதிரில் இருக்கும் பெரிய மரச்சாமான் கடை. பத்து மணிக்குத் திறக்கும். அதுவரை நடப்பாளாம். இரண்டாம் மாடியில் முப்பது நாற்பது சோபா. ஒவ்வொன்றிலும் கொஞ்சநேரம் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி. மூன்றாம் நாளே விற்பனையாளருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "'இன்னிக்கு எந்த சோபா மேடம்'னு கேக்குறாரு. 'வீட்ல கேட்டுச் சொல்றேன்'னேன். 'வீடு ரொம்பப் பெரிசோ'ன்னு கேக்குறாரு."

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுதால் அவள் என்னைச் சமாதானப்படுத்தவேண்டி வரும், அதுவும் அவள் தலையில்தான் விழும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிய பிறகும் அவளே வந்து முதுகில் தட்டினாள். எவ்வளவு நாள்தான் இவளே என்னைப் பார்த்துக்கொள்வாள்?

பஞ்சு சொன்ன வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். பஞ்சுதான் சொன்னாள் என்பதையும் சொல்லிவிட்டேன். இனி மறைத்து வைக்க எனக்குத் தெம்பில்லை.

"பேசுறேன்" என்றாள். முட்டை கருகிப்போயிருந்தது.

மார்ச் 21, வியாழன்

இன்னும் பேசவில்லை. சோபாக் கடைக்கும் போகவில்லை. வீட்டிலேயே இருக்கிறாள். நான் நினைவுபடுத்தவில்லை. நினைவூட்டுவதற்கான என் உரிமம் ரத்து.

மார்ச் 22, வெள்ளி

பேசினாள். நான் வேலையில் இருந்தபோது. பெரியவர் திங்கட்கிழமை வரச் சொன்னாராம். ஸ்டோரில்தான். விடுப்பு நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, எழுத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு.

அவள் நிலைமை இன்னும் மோசமானது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் எழுதிய ஒரு வரிக்கு எச்சரிக்கை வாங்கியது அவள்.

மார்ச் 24, ஞாயிறு

நிறுத்திவிடலாம் என்றேன். அந்த நினைவூட்டலை அழித்துவிடுகிறேன் என்றேன்.

"ஏன்? அது என்ன பண்ணுச்சு?" என்றாள். "ஆறு மணிக்கு மணியடிக்கிறது எனக்குப் புடிச்சிருக்கு. நீ கேட்டு எழுது. அவ்வளவுதான்."

ஆகவே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அவள் சொன்னாள். நான் எழுதி, அவளுக்கே படித்துக்காட்டினேன். இதுதான் முதலிலேயே இருந்திருக்கவேண்டிய விதி. எல்லா விதிகளையும் யோசித்த எனக்கு இது தோன்றவில்லை.

முதலாவது: சோபாக்கடைக் கடைசி நாளில் அந்த விற்பனையாளர் கண்ணில் சொட்டுமருந்து விட்டுக்கொண்டிருந்தாராம். "எப்ப தொறந்தீங்கன்னு கேட்டேன். போன வருஷம்னாரு. தொறந்து ஒரு மாசத்துல தூக்கிப்போடணும் சார், கண்ணு என்னத்துக்கு ஆகுறதுன்னு புடுங்கிக் குப்பையில போட்டேன். பஸ் ஏறினப்புறம்தான் தோணுச்சு, ஐயையோ, பேர ரெண்டாந்தடவ படிக்கலையேன்னு. எந்த மருந்தா இருந்தாலும் ஒரு வருஷம் தொறந்து கெடந்தா குப்பதான்னு அப்புறம் தைரியம் வந்துச்சு." இந்தக் கதைக்கு வால் இருந்தது. அந்த ஆளின் மச்சினன் வந்தான், மச்சினனின் ஸ்கூட்டர் வந்தது. நான் விஷயத்துக்கு வா என்று சொல்லவில்லை.

இரண்டாவதாக, 'வெள்ளி: பெரியவருக்குத் தைரியமாகப் போன் செய்தாய்' என்று படித்தேன்.

"தைரியமாவ எடுத்துடு. நடுங்கிக்கிட்டேதான் பேசினேன்."

எடுத்தேன். மூன்றாவது, சனிக்கிழமை ஜன்னல் திரையைத் துவைத்து மாட்டினாள்.

ஆறுக்கு ஒலித்தது. முழுதும் தெரிந்த மூன்று வரியைப் புதிதாக வந்ததுபோல் எடுத்துப் படித்தாள். பிறகு கோட்டைத் தேய்க்கப் போனாள். அவளுக்கு வயிறு வலித்தது. வலிக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 25, திங்கள்

ஏழு மணிக்குக் கிளம்பினாள். ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கினாளா? போன் செய்து கேட்கவில்லை. நாள் முழுக்க யார் எந்த ஒலிக்கு அழுத்தினார்கள் என்று ஒழுங்காகக் குறிக்கமுடியவில்லை. இரண்டு பேரைத் திரும்பச் சோதித்தேன்.

மார்ச் 30, சனி

அக்காவின் கோட்டுகளைத் துவைக்கப் போட்டேன். ஸ்டோரில் வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் தேதி முத்திரை குத்தவேண்டுமாம்.

இரண்டு கோட்டுகளில் வலதுகை விளிம்பு முழுக்க நீல மை. மூன்றாவதில் இல்லை. புதன்கிழமை போகமுடியவில்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

கறையைச் சோப்பு வைத்துத் தேய்த்தேன். போகவில்லை.